4 ஜிபி லேப்டாப்பில் பிரவுசர் கேம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் ஒரு குறிப்பிட்ட வகை லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியது: 4 ஜிபி ராம், செலரான் அல்லது பழைய ஐ3 பிராசசர், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, 1366×768 திரை, விண்டோஸ் 10, குரோம் பிரவுசர். பாடத்துக்காக வாங்கிய லேப்டாப். அதிலேயே கொஞ்சம் விளையாடவும் வேண்டும். இந்த நிலையில் இருக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம்.

பிரவுசர் கேம்னா எதையுமே டவுன்லோடு பண்ண வேணாமா? இடமே எடுக்காதா?

டவுன்லோடு நடக்கத்தான் செய்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பக்கத்தைத் திறந்ததும் கேமின் நிரல், படங்கள், ஒலி எல்லாம் பிரவுசரின் கேஷில் வந்து உட்காரும். சின்னப் புதிர் விளையாட்டு ஒரு எம்பிக்குள் முடிந்துவிடும். முப்பரிமாண கேம் என்றால் பல பத்து எம்பி வரும். இடம் குறைந்தால் பிரவுசரே பழைய கேஷை அழித்துக்கொள்ளும் என்பதால் டிஸ்க்கைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உங்களுக்கு முட்டுக்கட்டை போடுவது ராம்தான். விண்டோஸும் ஆன்டிவைரஸும் எழுந்து நிற்பதற்குள்ளேயே 4 ஜிபியில் பாதி போய்விடுகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால், திரையில் படம் வரைவதற்கான நினைவகமும் அதே ராமிலிருந்துதான் எடுக்கப்படும். மிச்சத்தைத்தான் பிரவுசரும் கேமும் பங்குபோட வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கணக்கைச் சுற்றியே வரும்.

எந்த மாதிரி கேம் ஓடும், எது ஓடாதுன்னு ஆடிப் பார்க்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். திரையில் ஒவ்வொரு கணமும் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். சதுரங்கம், புதிர், எழுத்தால் நகரும் கதை விளையாட்டு போன்றவற்றில் நீங்கள் தொடும்போது மட்டும்தான் திரை மாறும். இவை எந்த லேப்டாப்பிலும் ஓடும். slither.io, agar.io போன்ற இருபரிமாண ஆட்டங்களில் திரை ஓயாமல் மாறும், ஆனால் வரைவது எளிது. மற்ற டேப்களை மூடிவிட்டால் இவையும் ஓடும்.

முப்பரிமாண சுடும் ஆட்டங்களும் கார் ரேஸ்களும் மூன்றாவது வகை. இவை வெப்ஜிஎல் என்ற வழியாக கிராஃபிக்ஸ் சிப்பை நேரடியாக வேலை வாங்குகின்றன. 4 ஜிபி லேப்டாப்பில் இவற்றை ஆட முடியும், ஆனால் அமைப்புகளைக் குறைத்த பிறகுதான். எப்படிக் குறைப்பது என்பது திக்குவது பற்றிய கேள்வியில் இருக்கிறது.

சரி, முதல்ல எதை ஆடிப் பார்க்கட்டும்? விளம்பரம் இல்லாம இருக்கணும்.

முதலில் சைமன் டாட்டமின் புதிர்த் தொகுப்பு. `chiark.greenend.org.uk/~sgtatham/puzzles/` என்ற முகவரியில் ஏறத்தாழ நாற்பது புதிர்கள் இருக்கின்றன. விளம்பரமும் கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். அதில் `Mines` என்பதைத் திறந்து பாருங்கள். நமக்குத் தெரிந்த மைன்ஸ்வீப்பர்தான், ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பழைய மைன்ஸ்வீப்பரில் கடைசியில் இரண்டு கட்டங்கள் மிஞ்சி, எதில் குண்டு என்று குருட்டாம்போக்கில் அழுத்த வேண்டிவரும். இதில் பலகையை உருவாக்கும்போதே, ஊகிக்காமல் தர்க்கத்தாலேயே முடிக்க முடியுமா என்று நிரல் சரிபார்த்துவிடுகிறது. தோற்றால் தப்பு நம்முடையதுதான். பலகைக்குக் கீழே இருக்கும் `Link to this puzzle` இணைப்பை நண்பருக்கு அனுப்பினால் அதே புதிர் அவருக்கும் திறக்கும். யார் முதலில் முடிக்கிறார்கள் என்று போட்டி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சதுரங்கம் ஆட lichess.org. முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை. நண்பரோடு ஆட இருவருக்குமே கணக்கு தேவையில்லை, சவால் இணைப்பை அனுப்பினால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அலசல் பக்கத்தில் இன்ஜினை ஆன் செய்தால், ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் உங்கள் லேப்டாப்பின் பிராசசரில்தான் ஓடும். ஃபேன் அலறத் தொடங்கும். அதற்குப் பதிலாக, கணக்கில் நுழைந்து `Request a computer analysis` என்பதை அழுத்துங்கள். அந்த வேலையை அவர்கள் பக்கமே முடித்து விடையை மட்டும் அனுப்பிவிடுவார்கள்.

வாசிப்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 2013-ல் வந்த `A Dark Room`. அணைந்த நெருப்பும் ஒரே ஒரு பொத்தானும்தான் முதலில் தெரியும். முழுக்க எழுத்துதான் என்பதால் லேப்டாப்புக்குப் பாரமே தெரியாது. ஆங்கிலம் கொஞ்சம் வாசிக்க வேண்டியிருக்கும், ஆனால் வாக்கியங்கள் சின்னச் சின்னவை.

ஜிடிஏ, ஃப்ரீ ஃபயர் எல்லாம் பிரவுசர்லயே ஆடலாம்னு வீடியோல காட்டுறாங்களே, நிஜமா?

அந்தப் பெயரில் வரும் தளங்களை நம்ப வேண்டாம். இன்ஸ்டால் செய்தால் ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும் ஒரு கேமை ஒரு பக்கம் திறப்பதுபோல் திறந்துவிட முடியாது. பெரிய கேமை பிரவுசரில் ஆட உண்மையான வழி கிளவுட் கேமிங் ஒன்றுதான். கேம் வேறெங்கோ ஒரு சர்வரில் ஓடும், உங்களுக்கு வருவது அதன் வீடியோ. அதற்கு ஆகும் டேட்டா கணக்கைப் பின்னால் சொல்லியிருக்கிறோம். அதைப் பார்த்தால் ஏன் பலருக்கு அது கட்டுப்படியாகாது என்பது புரியும்.

மைன்கிராஃப்டுக்கு மட்டும் நல்ல சேதி உண்டு. அந்த விளையாட்டின் பத்தாம் ஆண்டையொட்டி, 2019 மே மாதம், அதன் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பை classic.minecraft.net என்ற முகவரியில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 32 வகைக் கட்டிகள், கட்டுவது மட்டும்தான் வேலை. பசியும் இல்லை, இரவில் வரும் அரக்கர்களும் இல்லை. இணைப்பை அனுப்பி ஒன்பது நண்பர்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். இன்றைய மைன்கிராஃப்டை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சேர்ந்து உட்கார்ந்து ஒரு கோட்டை கட்ட இது தாராளமாகப் போதும்.

கேம் திக்கித் திக்கி ஓடுது. லேப்டாப் தப்பா, நெட் தப்பா?

திக்குவதில் மூன்று விதம் உண்டு. எந்த விதம் என்று கவனித்தால் காரணம் தானே தெரியும். முப்பரிமாண ஆட்டத்தில் ஓரிடத்தில் நின்றுகொண்டு மவுஸை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். காட்சி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் மற்ற ஆட்டக்காரர்கள் இங்கிருந்து அங்கே தாவுகிறார்கள் என்றால் நெட்தான் காரணம். காட்சியைத் திருப்பும் வேலை உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே நடக்கிறது, அதற்கு நெட் தேவையில்லை. சுற்றும்போதே காட்சி இழுத்து இழுத்து வருகிறது என்றால் கிராஃபிக்ஸ் திணறுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென ஒன்றிரண்டு நொடி உறைந்து, ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னுகிறது என்றால் ராம் தீர்ந்துவிட்டது. இடம் போதாமல் விண்டோஸ் சாமான்களை டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ராம்தான் காரணமா என்று உறுதிசெய்ய `Ctrl+Shift+Esc` அழுத்தி `Performance` பகுதியில் `Memory` எவ்வளவு என்று பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்து குரோமுக்குள் `Shift+Esc` அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்ற பட்டியல் வரும். `Memory footprint` தலைப்பை அழுத்தினால் அதிகம் பிடிப்பது மேலே வரும். பெரும்பாலும் அங்கே தெரிவது யூட்யூப், வாட்ஸ்அப் வெப் டேப்கள்தான். அவற்றை மூடிவிட்டு கேம் பக்கத்தை ரீலோடு செய்யுங்கள்.

கிராஃபிக்ஸ் காரணம் என்றால் வரைய வேண்டிய புள்ளிகளைக் குறையுங்கள். கணக்கு எளிது: 1366×768 முழுத்திரையில் ஒவ்வொரு முறையும் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள் வரைய வேண்டும். பிரவுசர் ஜன்னலைச் சுருக்கி கேம் பகுதி 800×600 அளவுக்கு வந்தால் 4.8 லட்சம்தான், பாதிக்கும் குறைவு. நொடிக்கு 15 முறை வரைய முடிந்த லேப்டாப், மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், 30-ஐத் தொட வாய்ப்புண்டு. 15-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் எரிச்சலுக்கும் விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஜன்னலைச் சுருக்கியும் மாற்றமில்லை என்றால் அந்த கேம் உள்ளுக்குள் நிலையான அளவில் வரைகிறது. அதன் அமைப்புகளில் `Resolution` இருந்தால் குறைத்து, நிழலை அணையுங்கள்.

எல்லாம் குறைச்சும் 3டி கேம் ஸ்லோமோஷன்லதான் ஓடுது. என்ன செய்ய?

முகவரிப் பட்டையில் `chrome://gpu` என்று தட்டுங்கள். மேலே வரும் பட்டியலில் `WebGL` வரியைப் பாருங்கள். `Hardware accelerated` என்று இருக்க வேண்டும். `Software only` என்று இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது, அதன் வேலை முழுவதையும் பிராசசர் இழுத்துக்கொண்டிருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன எதுவும் அப்போது பெரிதாக உதவாது.

`Settings`-ல் `System` போய் `Use graphics acceleration when available` ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். பழைய பதிப்பில் `graphics` இருக்கும் இடத்தில் `hardware` என்றிருக்கும். ஆன் செய்தபின் `Relaunch` அழுத்தினால்தான் மாற்றம் வரும். அப்படியும் மாறவில்லை என்றால் உங்கள் லேப்டாப் கம்பெனியின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணுக்கான கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள்.

டிரைவரும் புதிதுதான் என்றால், சிப் பழையது என்று குரோம் அதைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கலாம். `chrome://flags/#ignore-gpu-blocklist` என்பதை `Enabled` ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் காரணமில்லாமல் ஒரு சிப்பைத் தடைப்பட்டியலில் வைக்க மாட்டார்கள். திரை மினுக்கினாலோ பிரவுசர் மூடிக்கொண்டாலோ அதே பக்கத்தில் `Reset all` அழுத்தி பழையபடி ஆக்கிவிட்டு, ஃபயர்ஃபாக்ஸில் அதே கேமை ஒருமுறை சோதியுங்கள்.

முதல் பத்து நிமிஷம் சூப்பரா ஓடுது, அப்புறம் இழுக்குது. ஏன்?

சூடுதான். பிராசசர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்து ஆடினால் அடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபடும். பலகை மேல் வையுங்கள். பின்பக்கத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தின் தடிமன் அளவு உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

சூடு இல்லாமலும் இழுத்தால் சார்ஜர் செருகியிருக்கிறதா பாருங்கள். பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்ததும் குரோமின் `Energy Saver` தானாக ஆன் ஆகி, காட்சி வேகத்தைக் குறைத்துவிடும்.

நேத்து வரைக்கும் ஆடினது மொத்தமும் காணோம். எங்க போச்சு?

கணக்கு தொடங்காமல் ஆடும் கேம்களின் சேவ் எந்த சர்வரிலும் இல்லை. உங்கள் பிரவுசருக்குள், அந்தத் தளத்தின் பெயருக்கு ஒதுக்கிய சின்னப் பெட்டியில் இருக்கிறது. நேற்று குரோமில் ஆடிவிட்டு இன்று எட்ஜில் திறந்தால் காலியாகத்தான் இருக்கும். இன்காக்னிடோவில் ஆடியிருந்தால் ஜன்னலை மூடியதுமே போய்விட்டது. பலருக்கும் நடப்பது இன்னொன்று: லேப்டாப் மெதுவாக இருக்கிறதே என்று ஹிஸ்டரியைச் சுத்தம் செய்யும்போது `Cookies and other site data` பெட்டியும் டிக் ஆகியிருக்கும். சேவ் அதோடு சேர்ந்து போய்விடும். `Cached images and files` மட்டும் டிக் செய்தால் சேவுக்கு ஆபத்தில்லை.

அழிந்ததை மீட்க வழியில்லை. இனி இழக்காமல் இருக்கலாம். `A Dark Room`-ல் அடியில் `save.` என்ற சொல்லை அழுத்தி, `export` கொடுத்தால் மொத்த ஆட்டமும் ஒரு நீண்ட எழுத்துச் சரமாக வரும். குக்கி கிளிக்கர் என்ற கேமில் `Options`-ல் `Export save` இருக்கிறது. அந்தச் சரத்தை நகலெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். வேறு கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இன்காக்னிடோ இல்ல, ஹிஸ்டரியும் அழிக்கல. itch.io-ல மட்டும் சேவ் ஆகவே மாட்டேங்குது.

itch.io-ல் நீங்கள் பார்க்கும் பக்கம் ஒரு தளத்திலும், அதற்குள் சட்டம் போட்டதுபோல் ஓடும் கேம் itch.zone என்ற இன்னொரு தளத்திலும் இருக்கின்றன. மூன்றாம் தரப்பு குக்கிகளைத் தடுத்து வைத்திருந்தால், பிரவுசரின் பார்வையில் அந்த கேம் மூன்றாம் தரப்பு ஆகிவிடும். முந்தைய பதிலில் சொன்ன, சேவ் இருக்கும் பெட்டியைத் திறக்கவே அதற்கு அனுமதி கிடைக்காது. கேம் ஓடும், சேவ் ஆனதாகக்கூடக் காட்டும், ரீலோடு செய்தால் ஒன்றும் இருக்காது.

முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் கண் வடிவக் குறி தெரிந்தால் இதுதான் காரணம். அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளத்துக்கும் திறந்துவிட வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் ஆடி, சேவ் செய்து, பக்கத்தை ரீலோடு செய்து பார்த்துவிட்டுத்தான் நீண்ட ஆட்டத்தில் இறங்க வேண்டும்.

வேற டேப்புக்குப் போய்ட்டு வந்தா கேம் முதல்லருந்து ஆரம்பிக்குது.

ராமை மிச்சப்படுத்த, நீங்கள் பார்க்காத டேப்பை குரோம் தூங்கவைத்துவிடுகிறது. திரும்பி வரும்போது பக்கம் புதிதாக லோடு ஆகும், சேவ் ஆகாதது போய்விடும். `Settings`-ல் `Performance` பக்கம் போய், `Always keep these sites active` என்ற இடத்தில் கேம் தளத்தைச் சேருங்கள். கேம் தளத்தை மட்டும் சேருங்கள். `Memory Saver`-ஐ முழுதாக அணைத்தால் முதல் பதிலில் சொன்ன ராம் பிரச்சினை திரும்ப வந்துவிடும்.

தானாக ஓடி எண்ணிக்கை ஏறும் ஆட்டங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. டேப் மறைந்து ஐந்து நிமிடம் கழிந்தால், அதன் கடிகார வேலைகளை குரோம் நிமிடத்துக்கு ஒரு முறை என்று கட்டுப்படுத்திவிடும். ஒலி எழுப்பும் பக்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. கேமைத் தனி ஜன்னலாக்கி ஓரத்தில் கொஞ்சம் தெரியும்படி வைத்தாலும் போதும். மேலே வேறு ஜன்னல் முழுதாக மூடினால் அதுவும் மறைந்த டேப்பாகவே கணக்காகும்.

டேட்டா எவ்வளவு போகும்? நெட் இல்லாமலும் ஆட முடியுமா?

சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் போய்வருவது சில எழுத்துகள்தான். தினசரி டேட்டாவில் அது கணக்கிலேயே வராது. கிளவுட் கேமிங் அதற்கு நேர் எதிர். ஜிஃபோர்ஸ் நவ் என்ற கிளவுட் கேமிங் சேவை 720 தரத்துக்குக் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட். அந்த வேகம் முழுக்கப் பயன்பட்டால் ஒரு மணி நேரத்தில் 54,000 மெகாபிட், எட்டால் வகுத்தால் 6,750 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி பிளான் கால் மணி நேரம்கூடத் தாங்காது.

நெட் இல்லாதபோது `chrome://dino` எப்போதும் உண்டு, எட்ஜில் `edge://surf`. அதைவிட நல்ல வழி, நெட் இருக்கும்போதே மேலே சொன்ன புதிர்ப் பக்கங்களில் இரண்டு மூன்றைத் திறந்து வைத்துக்கொள்வது. அவை முழுக்க உங்கள் பிரவுசருக்குள்ளேயே ஓடுவதால் நெட் போனபிறகும் புதுப் புதிர் வந்துகொண்டே இருக்கும். ரீலோடு மட்டும் செய்துவிடாதீர்கள்.

கவர்மென்ட் கொடுத்த பழைய லேப்டாப், விண்டோஸ் 7. குரோம் அப்டேட்டே ஆகல.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. விண்டோஸ் 7-க்கு குரோம் 109 தான் கடைசி. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அதில் ஓடாது. பழைய பதிப்பில் புதிர்கள் ஓடினாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. அந்தப் பிரவுசரில் கடவுச்சொல் எதையும் தட்டாதீர்கள். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான லினக்ஸைப் போட்டால் இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் கிடைக்கும். போடுவதற்கு முன் உள்ளே இருக்கும் கோப்புகளை பென்டிரைவில் எடுத்துவைப்பது கட்டாயம்.

சின்ன வயசுல ஆடின ஃபிளாஷ் கேம்லாம் இனி கிடையாதா?

2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷை நிறுத்திவிட்டது. ஆனால் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்புகளை இன்றைய பிரவுசரில் ஓட்டுகிறது. archive.org-ல் அப்படி ஓடும் ஃபிளாஷ் கேம்களும், பழைய டாஸ் கேம்களும் ஏராளம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். "ஃபிளாஷ் பிளேயர் போடு" என்று இன்று எந்தத் தளம் கேட்டாலும் அது மோசடி.

காலேஜ் வைஃபைல கேம் சைட் பிளாக். "அன்பிளாக்டு"ன்னு வர்ற சைட்ல ஆடலாமா?

வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை அடுத்தவர் கேமை நகலெடுத்து, சுற்றிலும் விளம்பரத்தை அடுக்கியவை. பல தளங்கள் `Allow` அழுத்தச் சொல்லும். அழுத்தினால் அந்தத் தளத்தை மூடியிருந்தாலும் திரை ஓரத்தில் "வைரஸ் இருக்கிறது" என்று அறிவிப்புகள் வரத் தொடங்கும். ஏற்கெனவே அழுத்திவிட்டவர்கள் பதற வேண்டாம். அது வைரஸ் அல்ல, நீங்கள் கொடுத்த அனுமதி. `chrome://settings/content/notifications` திறந்து, அனுமதி பெற்ற தளங்களில் தெரியாத பெயர்களை நீக்குங்கள், உடனே நின்றுவிடும். கேமுக்காக எக்ஸ்டென்ஷன் ஏதும் போட்டிருந்தால் `chrome://extensions` போய் அதையும் எடுத்துவிடுங்கள்.